செவலை படத்துக்கு இரண்டு வரி வேணும்: படவிளக்கம் எழுத உதவுங்கள்

பேப்பர்க்கார ரங்கன்
எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்துல பேப்பர் போடுறேன். எங்க கிளை நூலகத்துல ஊர்க்காரங்க எடுத்த படங்களை வரிசையா மாட்டப் போறாங்க. நான் செல்போன்ல எடுத்த ஒரு நாய்ப் படத்தையும் வாங்கிக்கிட்டாங்க. படத்துக்குக் கீழ ஒரு அட்டை ஒட்டணும், இரண்டு மூணு வரிக்கு மேல இடமில்லைன்னு சொல்லிட்டாங்க.

படம் இதுதான். விடியறதுக்கு முன்னாடி, மஞ்சள் தெருவிளக்கு வெளிச்சம். நடுவீதியில நாய் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கு, கேமராவைப் பார்க்குது. இடது ஓரத்துல என் சைக்கிள் கேரியரும் பேப்பர் கட்டும் பாதி தெரியுது. செவலைன்னு கூப்பிடுவேன். தெருநாய்தான். தினமும் பண்டல் பிரிக்கிற இடத்துக்கு வந்து என்கூடவே கிளம்பிடும்.

நான் எழுதி வச்சது: "நன்றிக்கு இலக்கணம். எனக்காகத் தினமும் காத்திருக்கும் வாயில்லா ஜீவன்."

வீட்டுல நல்லா இருக்குன்னாங்க. எனக்கு என்னமோ ஒட்டலை. வேற எப்படி எழுதலாம்?

கோவை குமரேசன்
அருமையான படமுங்க. ஜப்பான்ல ஹச்சிகோன்னு ஒரு தெருநாய் ரயில் நிலையத்துல எஜமானுக்காகக் காத்திருந்து செத்துப்போச்சுல்லீங்க, உங்க படத்தைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. "ஸ்ரீரங்கத்து ஹச்சிகோ"ன்னு ரெண்டே வார்த்தை போட்டுருங்க. விளக்கம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. படமே பேசும். அந்தக் காதுல கடிபட்ட தழும்பு இருக்கு பாருங்க, அதையும் "தெருச் சண்டைகளில் தழும்பேறிய வீரன்"னு சேர்த்தா இன்னும் எடுப்பா இருக்கும்.

படமேசை மீனா
ரங்கன் தம்பி, பத்திரிகையில படங்களுக்கு விளக்கம் எழுதுறதே என் வேலையா ரொம்ப வருஷம் இருந்தது. ஒட்டலைன்னு உங்களுக்குத் தோணினது சரிதான். வரியைத் திருத்துறதுக்கு முன்னாடி சிலது தெரிஞ்சாகணும்.

இந்தப் படம் எடுத்ததுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்தது? எடுத்த பிறகு நாய் என்ன செய்தது? நீங்க வர்றதைப் பார்த்து உட்கார்ந்திருக்கா, போறதைப் பார்த்தா? அதுக்குச் சாப்பாடு ஏதாவது கொடுக்கிறீங்களா, எப்போ?

இதெல்லாம் ஏன்னா, நாய் உட்கார்ந்திருக்கிறது படம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அதை நீங்க சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு வெளியே இருக்கிறதை, அதுவும் நீங்களே கண்ணால பார்த்ததை மட்டும் அட்டை சொல்லணும். "காத்திருக்கும்"ங்கிறது நீங்க பார்த்ததா, நினைச்சுக்கிட்டதா?

குமரேசன் சார், ஹச்சிகோ தெருநாய் இல்லை. 1923ல பிறந்த அகிட்டா இன நாய், டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தர் வீட்டுல வளர்ந்தது. அவர் 1925ல இறந்த பிறகும் 1935ல தான் சாகுற வரைக்கும் ஷிபுயா நிலையத்துக்கு வந்துக்கிட்டிருந்தது. அது ஒரு வீட்டு நாயோட கதை. செவலைக்கு வீடு கிடையாது. அந்தப் பேரைப் போட்டா, பார்க்கிறவங்க அந்தக் கதையை நினைப்பாங்க, செவலையைப் பார்க்க மாட்டாங்க.

தெருநாய்த் தோழி
அண்ணா, முதல்ல அதுக்கு ரேபிஸ் ஊசி போட்டாச்சா? தினமும் கூட வர்ற நாய்னா வருஷா வருஷம் போடணும். வீட்டுக்கே கூட்டிட்டுப் போறதா இருந்தா முதல் வாரம் கட்டிப் போடாதீங்க, மிரண்டுடும். பழைய துணி விரிச்சு ஒரு மூலையை அதுக்குன்னு விட்டுடுங்க.

பேப்பர்க்கார ரங்கன்
தங்கச்சி, வளர்க்கிறதுக்காகக் கேக்கலம்மா, படத்துக்குக் கீழ எழுதத்தான். ஊசி விஷயத்தை விசாரிக்கிறேன்.

மீனா அக்கா, நீங்க கேட்டதும் யோசிச்சுப் பார்த்தேன். படம் எடுத்தது நான் போகும்போதுதான். பண்டல் பிரிச்சு, இணைப்பெல்லாம் செருகி முடிச்சதும் பக்கத்து டீக்கடையில ஒரு பொறை வாங்கிப் போடுவேன். தின்னுட்டு சைக்கிளோட கிளம்பிடும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நான் பேப்பரைப் போடுற வரைக்கும் நிக்கும். தெற்குச் சித்திரை வீதி முனை வந்ததும் நின்னுடும். அங்கேயே உட்கார்ந்துக்கும். நான் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தா அப்படியே பார்த்துக்கிட்டிருக்கும். அப்போ எடுத்த படம்தான் இது.

திரும்பி அதே வழியா வரும்போது சில நாள் அங்க இருக்கும், பல நாள் இருக்காது. அதனால காத்திருக்குன்னு சத்தியமா சொல்ல முடியாது.

படமேசை மீனா
பாருங்க, உங்க படம் இப்போதான் திறக்குது. ஒரு நாய் ஒரு மனுஷனோட குறிப்பிட்ட முனை வரைக்கும் வருது, அதைத் தாண்ட மாட்டேங்குது. வெறும் படத்தைப் பார்த்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அட்டையில வர வேண்டியது இதுதான்.

பொறை விஷயத்தையும் கவனிச்சீங்களா? கிளம்பும்போதே தின்னு முடிச்சிடுது. அதுக்கப்புறமும் வருது. "சோத்துக்காக வருது"ன்னு சொல்லுற ஆளும் அட்டையைப் படிப்பார். பொறையை மறைச்சுட்டு நன்றின்னு எழுதினா அவருக்குப் பதில் இருக்காது. தின்ன பிறகும் வருதுன்னு நடந்ததை நடந்தபடி எழுதினா, முடிவை அவரே எடுத்துக்குவார்.

தெருநாய்த் தோழி
மன்னிக்கணும் அண்ணா, தலைப்பைச் சரியாப் படிக்காம எழுதிட்டேன். ஆனா இப்போ படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன், ஒண்ணு சொல்லியே ஆகணும். குமரேசன் சார் சொன்ன காது, கடிபட்ட காது இல்லை.

சண்டையில கிழிஞ்சா ஓரம் பிசிறு பிசிறா, ஏறுக்கு மாறா இருக்கும், தழும்பு தடிச்சிருக்கும். இது நேராச் சீவின மாதிரி சுத்தமா இருக்கு. கருத்தடை ஆபரேஷன் செஞ்ச நாய்க்கு மயக்கத்துல இருக்கும்போதே போடுற அடையாள வெட்டு இது. அதையே திரும்பப் பிடிச்சுட்டுப் போகாம இருக்கத்தான் தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி காதுல போடுறாங்க. சில ஊர்ல நுனியைச் சீவுவாங்க, சில ஊர்ல முக்கோணமா வெட்டுவாங்க. நான் பிடிக்கிற குழுவோட போயிருக்கேன், பக்கத்துல இருந்து பார்த்தது இது.

செவலையை யாரோ பிடிச்சுட்டுப் போய், ஆபரேஷன் முடிச்சு, ரேபிஸ் ஊசியும் போட்டு, அதே தெருவுல கொண்டுவந்து விட்டிருக்காங்கன்னு அந்தக் காது சொல்லுது. "யாருமற்ற", "அநாதை"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஆனா ஊசியை எப்போ போட்டாங்கன்னு காது சொல்லாது. அதனாலதான் திரும்பவும் போடச் சொன்னேன்.

முனையில நிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. தெருநாய்களுக்கு எல்லை உண்டு. அதுக்கு அப்பால வேற கூட்டம் இருக்கும். தாண்டினா சூழ்ந்துக்கும்.

கோவை குமரேசன்
காது விஷயம் எனக்குப் புதுசுங்க, நன்றிங்க. வீரன் வரியை எடுத்துடலாம். ஆனா மீனாம்மா, இப்படி எல்லாத்தையும் எழுதினா படவிளக்கம் மாதிரியா இருக்கும், போலீஸ் அறிக்கை மாதிரி ஆயிருமுங்க. கொஞ்சமாவது உணர்ச்சி வேண்டாமுங்களா?

கல்வெட்டுக் காளிமுத்து
உணர்ச்சி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வில்லோடு நிற்கும் வீரனின் காலருகே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய்க்கெனத் தனியாக ஒரு வரியும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்துநின்றது என்பது அதன் செய்தி.

படமும் பக்கத்திலேயே விளக்கமும்! அந்த வரியில் இருப்பது நாயின் பெயரும் அது செய்த காரியமும் மட்டும்தான். நன்றியுள்ள, வீரமிக்க என்று ஓர் அடைமொழிகூடக் கிடையாது. ஆனால் அந்தக் கல் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லியதே அவர்கள் கொடுத்த மரியாதை. ரங்கன் ஐயா, செவலை என்ற பெயர் கட்டாயம் வரட்டும்.

படமேசை மீனா
காளிமுத்து ஐயா, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. குமரேசன் சாருக்கு நான் சொல்ல நினைச்சது இதேதான்.

பெயர் வர்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மஞ்சள் விளக்குல நிறமே தெரியலை. படத்துல நாய் சாம்பலாத் தெரியுது. செவலைன்னு பெயரைப் படிச்சதும் பார்க்கிறவங்களுக்கு அதோட நிறமும் கிடைச்சிடும்.

மதுரை முத்துராசு
அண்ணே, நான் இதுல அனுபவப்பட்டவன். எங்க ஊர்ல ஒரு நடைமேடையில தினமும் என்னோட ரயில் ஏறுற வரைக்கும் ஒரு நாய் வரும். படம் எடுத்து, நிலையப் பேரு, எத்தனாவது நடைமேடை, எத்தனை மணிக்கு வரும்னு எல்லாத்தையும் எழுதிப் போட்டேன். நல்லாத்தான் பரவுச்சு. கொஞ்ச நாள்ல அது கீழயே புகார்கள் வர ஆரம்பிச்சுது. ஒருத்தர் அந்த வரியை அப்படியே காமிச்சு மனு கொடுத்திருக்கார். ஒருநாள் போனேன், நாய் இல்லை. எங்க கொண்டு போனாங்கன்னு யாருக்கும் தெரியலை.

2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நிலைமை இன்னும் இறுகிப்போச்சு. ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வளாகத்துல பிடிக்கிற நாயைத் திரும்ப அதே இடத்துல விடக் கூடாதுங்கிறது அந்த உத்தரவு. வீதி நாய்க்கு அது பொருந்தாதுன்னாலும், முனைப் பேரைப் போட்டா தேடி வர்றவனுக்கு வழி காட்டுன மாதிரி. ஊர்ப் பேரோட நிறுத்திக்கங்கண்ணே.

தெருநாய்த் தோழி
முத்துராசு அண்ணா சொல்றது சரி. படத்தை இணையத்துல போடுறதா இருந்தா இன்னொண்ணும் பார்க்கணும். போன் கேமரால இடக்குறிப்பு ஆன்ல இருந்தா, எடுத்த இடம் படக் கோப்புக்குள்ளேயே பதிஞ்சிடும். வாட்ஸப்ல சாதாரணப் படமா அனுப்பினா அது போயிடும். ஆனா தரம் குறையக் கூடாதுன்னு டாக்குமெண்டா அனுப்பினா அப்படியே கூடப் போகும். அச்சுக்கு அப்படித்தானே கொடுப்பாங்க. அதைத் திருப்பி யாராவது பகிர்ந்தா இடமும் சேர்ந்து போகும்.

படமேசை மீனா
எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லை. இடம் இல்லாத விளக்கம் பாதி விளக்கம்னு பழகினவ நான். ஐம்பது வருஷம் கழிச்சு அந்த நூலகத்துல இந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிறவருக்கு எந்த வீதின்னு தெரிய வேண்டாமா?

ஆனா செவலை இப்போ உயிரோட அந்த முனையில இருக்கு. அதுக்கு ஆபத்துன்னா இப்போதைக்கு வீதியை விட்டுடலாம். படத்தோட பின்பக்கம் பென்சில்ல வீதிப் பெயரும் தேதியும் எழுதி வைங்க தம்பி. பேனாவில எழுதாதீங்க, மை மறுபக்கம் ஊறும்.

செவிவழிச் செல்வம்
எனக்குப் பார்வை கிடையாது. இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரங்கன் சார் முதல் பதிவில் படத்தை வார்த்தையால் சொன்னதால்தான் நீங்கள் எல்லாரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றே எனக்குப் புரிந்தது. படத்தின் மீது போனபோது திரைவாசிப்பான் சொன்னது "படம்" என்ற ஒரு சொல் மட்டும்.

மீனா அம்மா, படத்தில் தெரிவதைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அட்டைக்கு அது சரி. இணையத்தில் போடும்போது மாற்று உரை என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும். அங்கே தெரிவதைத்தான் எழுத வேண்டும். ரங்கன் சார் முதலில் எழுதியதே போதும்: நடுவீதி, தெருவிளக்கு, நிமிர்ந்து உட்கார்ந்த நாய், ஓரத்தில் சைக்கிள் கேரியர். காது வெட்டையும் அதில் சேர்த்துவிடுங்கள். அட்டையில் உள்ளதையே அங்கேயும் ஒட்டிவிடாதீர்கள், எங்களுக்கு ஒரே செய்தி இரண்டு முறை கேட்கும், படம் கிடைக்காது.

படமேசை மீனா
செல்வம் சார், நான் அச்சை மட்டுமே மனசுல வச்சுப் பேசியிருக்கேன். நீங்க சொன்னதைச் சேர்த்துக்கணும் ரங்கன் தம்பி. நூலகத்துல படத்தைப் பார்க்க முடியாதவங்க வந்தா வாசிச்சுக் காட்டவும் அதே உரை ஆகும்.

பேப்பர்க்கார ரங்கன்
எல்லாத்தையும் படிச்சேன். இப்படி எழுதிப் பார்த்தேன்:

"செவலை என்ற இந்த நாய் தினமும் அதிகாலையில் நான் பேப்பர் போடச் செல்லும்போது நான் கொடுக்கும் பொறையைத் தின்றுவிட்டு என் சைக்கிளுடன் இந்த முனை வரை வந்து, மற்ற நாய்களின் எல்லை என்பதால் இதற்கு மேல் வராமல் உட்கார்ந்து நான் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்."

படமேசை மீனா
சரக்கு எல்லாம் வந்துடுச்சு. ஆனா ஒரே வாக்கியத்துல இவ்வளவு வேண்டாம். நின்னுக்கிட்டே படிக்கிறவர் கண்ணு படத்துக்கும் அட்டைக்கும் போய்வரும், ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைத் தேட முடியாது. மூணு வாக்கியமாப் பிரிங்க.

"நான்" மூணு தடவை வருது. படத்துல நீங்க இல்லை, சைக்கிள்தான் இருக்கு. சைக்கிளைச் சொன்னா படிக்கிறவர் கண்ணு தானா இடது ஓரத்துக்குப் போகும். "பார்த்துக்கொண்டிருக்கும்" வேண்டாம், படத்திலேயே அது பார்க்குது.

அடுத்தது, "மற்ற நாய்களின் எல்லை என்பதால்". இது உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? தோழி சொன்னது நியாயமாப் படுது. ஆனா அந்த முனையில வேற நாய்கள் இதைத் துரத்தினதை நீங்க பார்த்திருக்கீங்களா?

பேப்பர்க்கார ரங்கன்
துரத்தினதைப் பார்க்கலை அக்கா. அந்தப் பக்கம் நாய்ங்க இருக்கு, அது உண்மை. ஆனா வைகுண்ட ஏகாதசி சமயம் ராத்திரியெல்லாம் கூட்டம் நெரிஞ்சப்போ செவலை முனையைத் தாண்டி என்கூடவே உத்திர வீதி வரைக்கும் வந்துச்சு. கூட்டம் கலைஞ்ச பிறகு மறுபடியும் பழையபடிதான்.

தெருநாய்த் தோழி
அந்தக் கூட்டத்துல மத்த நாய்ங்க சந்துக்குள்ள ஒதுங்கியிருக்கும் அண்ணா, அதனால எல்லை காக்க ஆளில்லாம போயிருக்கும். எல்லைதான் காரணம்னு நான் இன்னும் நினைக்கிறேன்.

மதுரை முத்துராசு
இல்லை தங்கச்சி, கூட்டத்துல அண்ணனைத் தொலைச்சுடக் கூடாதுன்னுகூட ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். அது மனசுல என்ன இருந்துச்சோ.

படமேசை மீனா
இரண்டுல எதுவும் இருக்கலாம். அதனால காரணத்தை விட்டுட்டு, வராதுங்கிறதை மட்டும் வைங்க. என் கை வரிசை இது, மாத்திக்கலாம்:

"விடியும் முன், ஸ்ரீரங்கம். பொறையைத் தின்று முடித்த பிறகும் செவலை பேப்பர் சைக்கிளோடு வரும். இந்த முனையைத் தாண்டி வராது."

காது வெட்டை இதுல சேர்க்கலாமான்னு நானே தயங்குறேன். சேர்த்தா நாலாவது வாக்கியம் வேணும், முனையில நிக்கிற அழுத்தம் சிதறிடும். மாற்று உரையில இருக்கட்டும்.

தெருநாய்த் தோழி
எனக்கு அது அட்டையிலேயே இருக்கணும்னு ஆசை அக்கா. நூலகத்துக்கு வர்ற எத்தனை பேர் அந்த வெட்டைப் பார்த்துட்டு குமரேசன் சார் மாதிரியே சண்டைக் காயம்னு நினைப்பாங்க? ஒரு வரியில தெரிஞ்சுக்குவாங்களே. "காதில் உள்ளது கருத்தடை அடையாளம்"னு ஆறேழு அங்குலம் தள்ளிச் சின்ன எழுத்துலயாவது போடலாம்.

கோவை குமரேசன்
மூணு வாக்கியமும் நல்லாருக்குங்க, ஒத்துக்கிறேன். கடைசி வரியில ஒரு சின்ன வேண்டுகோளுங்க. "வரும், வராது"ன்னு அஃறிணையில இருக்கு. தினமும் கூட நடக்கிற உசுருங்க. "வருவான், வரமாட்டான்"னு போட்டா என்னங்க?

தெருநாய்த் தோழி
அது பெண் நாய் சார்.

பேப்பர்க்கார ரங்கன்
ஆமா, பெட்டைதான். நான் பேசும்போது "வாடி"ன்னுதான் கூப்பிடுவேன். எழுதும்போது "வரும்"னு வந்துடுச்சு. "வருவாள்"னு போட்டா படிக்கிறவங்க முதல்ல செவலைங்கிறது பொண்ணு பேருன்னு நினைச்சுக் குழம்புவாங்களோ? படம் மேலேயே இருக்கே, குழம்ப மாட்டாங்கன்னும் தோணுது. வீட்டுல இரண்டு மாதிரியும் வாசிச்சுக் காட்டிட்டு முடிவு பண்றேன்.

அட்டை நாளைக்கு மறுநாள் கொடுக்கணும். மீனா அக்கா எழுதின மூணு வாக்கியத்தையே எடுத்துக்கிறேன், கீழ "படம்"னு என் பேரு. காது வரிக்கு ஓரத்துல இடம் விடுவாங்களான்னு நூலகர் அம்மாகிட்ட கேக்குறேன். வீதிப் பேரைப் பின்பக்கம் பென்சில்ல எழுதிட்டேன். போன்ல இடக்குறிப்பை அணைச்சுட்டேன். இங்க முனைப் பேரைச் சொன்ன என் பதிவை எப்படித் திருத்துறதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க, திருத்துற பொத்தான் எனக்குத் தெரியலை.

தங்கச்சி, ஊசிக்கு எந்தக் கிழமை எங்க கூட்டிட்டு வரணும்? சைக்கிள் பின்னாடியே வந்துடும், ஆனா முனையைத் தாண்டணுமே, அதுக்கு என்ன வழி?

தெருநாய்த் தோழி
கூட்டிட்டு வர வேண்டாம் அண்ணா. பண்டல் பிரிக்கிற இடத்துக்கே ஊசியோட ஆளை வரச் சொல்லலாம். பொறை தின்னும்போது நீங்க பக்கத்துல உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கிட்டிருங்க, பின்னாடியிருந்து போட்டுடுவாங்க. தனிமடல்ல எண் அனுப்புறேன். பதிவுக்குக் கீழ மூணு புள்ளி இருக்கும் பாருங்க, அதை அமுக்கினா திருத்தலாம்.